பெட்டிக்குள் போட்ட 'நான்'

பெட்டியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் கீழ்க்கடைக்காரர். அவர் சாவி வெட்டுவார், நடுநடுவே ஜெராக்ஸும் போட்டுத் தருவார். பெட்டி என்றதும் துணிமணி வைக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தட்டச்சில் வரும் சதுர அடைப்பு. அக்கா மொழிபெயர்த்துக் கொண்டுவரும் தாள்களில் பக்கத்துக்கு முப்பது நாற்பது சதுர அடைப்புகள் இருக்கும். நகல் எடுக்கும்போதெல்லாம் அது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. "என்னக்கா, ஒரே பக்கத்துல இத்தனை பெட்டி. உள்ள யாரையாவது குடி வைக்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் அதில் வருத்தமில்லை. சொந்தப் பெயரை வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான் பயன்படுத்தினார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஜப்பானிய மொழியிலிருந்தும் சீன மொழியிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி, கீழே தன் முத்திரையைக் குத்திக் கொடுக்கும் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர். இந்த இரண்டு மொழிகள் எப்படி வாய்த்தன என்று கேட்டால் சிரிப்பார். இருபது வயதில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேரப் போனார். அங்கே இடமில்லை. பக்கத்து அறையில் ஜப்பானிய வகுப்பில் நாற்காலிகள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. வந்த காலோடு திரும்ப மனமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். நாலு வருஷம் கழித்து, ஜப்பானியர் சீன எழுத்தையும் கலந்துதான் எழுதுகிறார்கள், எழுத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதானே, சீனம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் மாதிரி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு தப்பு என்று தெரிய ஆறு வருஷம் ஆனது. அதற்குள் சீனமும் வந்துவிட்டது.

வேலை பெரும்பாலும் பம்பு செட் கையேடு, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு. மாடியில் இரண்டு அறை. முன்னறையில் மேஜை, அகராதிகள், ஒரு கால் ஆடும் நாற்காலி. அந்தக் காலுக்கு அடியில் பழைய அகராதி ஒன்று படுத்திருந்தது. பின்னறையில் தண்ணீர்க் குழாய், அடுப்பு, கோப்புகள்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் விதிப் புத்தகத்தில், மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மற்றவர்கள் அதைப் பெயருக்கு வைத்திருந்தார்கள். இலக்கணம் கேட்கிற சொல்லைச் சேர்ப்பது சேர்ப்பே இல்லை என்பது அவர்கள் கட்சி. அக்கா மட்டும் ஒரு 'ஐ' சேர்த்தாலும் பெட்டி, ஒரு 'யூ' சேர்த்தாலும் பெட்டி. "நான் எழுதினது எது, அவங்க எழுதினது எதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்" என்பார். முப்பது வருஷமாக இதில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

கையேடுகளில் இது தொந்தரவே இல்லை. 'மூடியைத் திறக்கவும்' என்பதில் யார் திறப்பது என்று பம்பு கேட்காது. கஷ்டமெல்லாம் மனுஷர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதில்தான்.

அப்படித்தான் அந்தத் தம்பதி படியேறி வந்தார்கள். கணவர் ஜப்பானியர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். மனைவி சீனப் பெண், பல் லேபில் செயற்கைப் பல் செய்பவள். இரண்டு பேருக்குமே நுணுக்கமான கை. நாலு வருஷப் பழக்கம், அதில் இரண்டு வருஷம் கல்யாணம். அவள் வேலை பார்த்த லேபை மூடிவிட்டார்கள். வேலைக்காகக் கொடுத்த அனுமதியும் அதோடு முடிகிறது. அவருக்கு நிரந்தர அனுமதி உண்டு, இனி அவர் மனைவி என்ற முறையில்தான் அவள் இங்கே தங்க முடியும். அதற்குக் குடியேற்ற அலுவலகம், இது நிஜமான கல்யாணம்தான் என்று காட்ட அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளை ஆங்கிலத்தில் கேட்டிருந்தது.

அவர்கள் செய்தி அனுப்பும் விதம் வேடிக்கை. அவர் ஜப்பானிய மொழியில் எழுதுவார், அவள் சீன மொழியில் பதில் போடுவாள். எதிராளியின் மொழியைப் படிக்க இருவருக்கும் தெரியும், எழுதத்தான் சோம்பல். அக்காவிடம் பேசியதோ மூன்று மொழிக் கலவை. நமக்கு ஒன்று போதும்.

"இருநூத்திப் பன்னிரண்டு பக்கம் இருக்கு, அக்கா" என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா. படிக்கவே சந்தோஷமா இருக்கும்போல" என்றார் அக்கா.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் அக்கா அதிலேயே கிடந்தார். ஆனால் அந்த இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஜப்பானிய 'நான்' ஒன்றுகூட இல்லை. ஜப்பானிய 'நீ'யும் இல்லை. அவர் எழுதுவது 'அய்த்தாய்'. பார்க்க ஆசை, அவ்வளவுதான். யாருக்கு, யாரை என்பதெல்லாம் கிடையாது. 'சுகி' என்று ஒரே சொல். அது வினைகூட இல்லை, பிடித்திருக்கிற ஒரு நிலை. நாம் 'பிடிச்சிருக்கு' என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறோமே, கிட்டத்தட்ட அது. அதில் 'எனக்கு' இல்லை, 'உன்னை' இல்லை, ஆனாலும் கேட்கிறவளுக்குக் காது சிவந்துவிடும்.

சீனப் பக்கம் சற்றுத் தாராளம். அவள் 'சியாங் நீ ல' என்று எழுதுவாள். நடுவில் இருக்கிற 'நீ' நம்ம நீயேதான். சீன மொழியிலும் 'நீ' என்றால் 'நீ' என்று வகுப்பில் முதல் நாள் தெரிந்தபோது அக்கா பெஞ்சைத் தட்டிச் சிரித்தாராம். ஆக உன் நினைவு வந்துவிட்டது என்கிறாள். நினைப்பது யார் என்பதை விட்டுவிடுகிறாள். எனவே அவள் வரிக்கு ஒரு பெட்டி, அவர் வரிக்கு இரண்டு பெட்டி.

தமிழாக இருந்தால் பாதித் தொல்லை இல்லை. 'காத்திருக்கிறேன்' என்று எழுதினால் 'நான்' இல்லாவிட்டாலும் வாலில் ஒரு 'ஏன்' ஆடும், ஆள் பிடிபட்டுவிடுவார். ஜப்பானிய வினைக்கும் சீன வினைக்கும் அப்படி ஆளைக் காட்டும் வாலே கிடையாது. 'வேலை முடிஞ்சது, மீன் வாங்கி, சோறு வச்சு, உனக்காகக் காத்து' என்று அவள் நாலு வினையைக் கோத்துக்கொண்டே போவாள், ஓர் ஆளும் கண்ணில் படாது. ஆங்கிலமோ ஆளில்லாமல் அடி எடுத்து வைக்காது. மழை பெய்வதற்குக்கூட 'இட்' என்று ஒருவரை முன்னால் நிற்க வைத்தால்தான் அங்கே பெய்யும்.

இதை வைத்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு மூல வரிக்கும் கீழே அதன் உச்சரிப்பையும் ஆங்கிலத்தையும் எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் 'ஐ'களையும் 'யூ'க்களையும் பெட்டி பெட்டியாக அடுக்கினார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்தவர் மேஜையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல லவ்வு மட்டும்தான் வெளிய நிக்குது. ஆளுங்க ரெண்டு பேரும் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரில்ல இருக்கு?"

"நீங்க உங்க லிஃப்டைப் பாருங்க" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பெண் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. கடிதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து. அக்கா படித்தார். 'மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் குறிப்பின்படி அடைப்புக்குள் இருப்பவை மூலத்தில் இல்லாதவை. அவற்றை நீக்கிப் படித்தால், மனுதாரர்கள் தங்களுக்குள் அன்பைத் தெரிவித்துக்கொண்ட ஒரு முழு வாக்கியமும் இத்தொகுப்பில் இல்லை. யாரை யார் விரும்புகிறார் என்பது மொழிபெயர்ப்பாளரின் ஊகமாகவே தெரிகிறது.' அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் நேர் விசாரணை. அதிலும் திருப்தி இல்லையென்றால் அவள் முப்பது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அக்கா கடிதத்தை மடித்து வைத்தார். முப்பது வருஷம் நேர்மை நேர்மை என்று போட்ட பெட்டிகள் ஒரு குடும்பத்தை இப்படிப் பிரிக்கப் பார்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "தப்பு என்னோடதும்மா" என்று நேராகவே சொன்னார்.

"பெட்டியை எடுத்துட்டு மறுபடி குத்திக் குடுத்துடலாமா, அக்கா?"

"ஒரு தடவை பெட்டி போட்டுக் குடுத்தாச்சு. இப்ப எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. அப்புறம் நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"இவர் நேத்து ஒரு மெசேஜ் அனுப்பினார்" என்று அவள் போனைக் காட்டினாள். அலுவலகத்துக்குப் பயன்படட்டும் என்று மனுஷர் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பதை ஜப்பானிய மொழியில் 'நான்', 'உன்னை' எல்லாம் போட்டு முழுசாக எழுதியிருந்தார். "படிச்சதும் பயந்துட்டேன். பேங்க்ல இருந்து வந்த கடிதம் மாதிரி இருந்துச்சு. வேற யாரும் இல்ல, நான்தான், நான் மட்டும்தான் நேசிக்கிறேன்னு யார்கிட்டயோ சண்டை போடற மாதிரி. என்ன ஆச்சு உனக்குன்னு கேட்டேன்."

அழுதுகொண்டிருந்தவள் இதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஒரு வைராக்கியம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் எந்த விசாரணைக்கும் போனதில்லை. தாளைக் கொடுப்பதோடு சரி. இந்த முறை தானும் வருவதாகச் சொன்னார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, ஐந்து நாற்காலி, சுவரில் நின்றுபோன கடிகாரம். அதிகாரிக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். கெட்டவர் இல்லை. போலிக் கல்யாணம் எத்தனையோ பார்த்தவர், அவ்வளவுதான்.

"அம்மா, உங்க நேர்மையை நான் மதிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். "ஆனா நீங்களே எழுதியிருக்கீங்களே. 'நான்' நீங்க போட்டது, 'நீ' நீங்க போட்டது. அப்ப இவங்க போட்டது என்ன?"

"மிச்சம் எல்லாம் சார். முக்கியமானது எல்லாம்" என்றார் அக்கா. முதல் நாள் இரவு எழுதி வைத்த குறிப்பு கைப்பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. "அந்தப் பெட்டியில நான் இஷ்டத்துக்கு யாரையும் உக்கார வைக்க முடியாது சார். 'அய்த்தாய்'னு இருக்கு பாருங்க. 'தாய்'னு முடிஞ்சா அது ஆசை. ஜப்பானிய மொழியில அடுத்தவங்க ஆசையை அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. அவங்க மனசுக்குள்ள நீ போய்ப் பாத்தியான்னு கேட்கும் அந்த மொழி. 'அவளுக்குப் பாக்கணும்னு இருக்கு'ன்னு சொல்லணும்னா முடிவையே மாத்தணும், 'அய்த்தகத்தே இரு'ன்னு. அவளுக்கு ஆசை இருக்கிற மாதிரி தெரியுதுன்னு அர்த்தம். அதனால வெறும் 'அய்த்தாய்'னா, ஆசைப்படறது எழுதின ஆள்தான். அதையே கேள்வியாக் கேட்டா, ஆசை எதிர்ல இருக்கிற ஆளோடது. 'நான்'னு எழுதல, ஆனா 'நான்' அங்கதான் இருக்கு."

அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"இது 'மத்தேத்தே குரெத்தா'" என்று அக்கா அடுத்த வரியைத் தொட்டார். "'மத்தேத்தே'ன்னா காத்திருந்து, 'குரெத்தா'ன்னா குடுத்தது. ஆனா என் பக்கம் வந்த குடுப்பு மட்டும்தான் அது. நான் குடுத்தா வேற சொல்லு. அதனால 'எனக்காகக் காத்திருந்தே'ன்னுதான் ஆகும். ஒரு 'எனக்கு'கூட எழுதாம அவ்வளவையும் அந்த ஒரு சொல்லே சொல்லிடுது."

"இங்கிலீஷ்லயும் 'மிஸ் யூ'ன்னு சும்மா எழுதறாங்களே. அப்படியே போட்டிருக்கலாமே?"

நல்ல கேள்வி என்று அக்கா மனதுக்குள் ஒப்புக்கொண்டார். "யோசிச்சேன் சார். 'மிஸ் யூ'ன்னா 'ஐ' மட்டும்தான் போகும், 'யூ' போகாது. அந்தப் பொண்ணு வரிக்கு அது சரியா வரும், இவர் வரிக்கு வராது. இவரோட 'சுகி'யை ரெண்டு ஆளையும் எடுத்துட்டு வெறும் 'லவ்'னு போட்டா, லெட்டர் முடியிற இடத்துல கையெழுத்துக்கு மேல எழுதற மாதிரி ஆயிடும். அப்புறம் இங்கிலீஷ்ல 'ஐ'யை விட்டா கொஞ்சம் அலட்சியமா, ஓடிட்டே சொல்ற மாதிரி இருக்கும். இவங்க அலட்சியமா எழுதல. இவங்க மொழியில இதுதான் சாதாரணம். போட்டாத்தான் விசித்திரம்."

"நீங்க சொல்றது எல்லாம் சரியா இருக்கலாம்" என்றார் அதிகாரி. "சீனத்துக்கும் இப்படி ஏதாவது முடிவு இருக்கா, ஆளைக் காட்ட?"

அக்கா சற்றுத் தயங்கினார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல சார். அதுல முன்னாடி என்ன பேசினாங்க, யார் கேட்டாங்க, அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். கேள்வின்னா 'நீ', பதில்னா 'நான்'னு பெரும்பாலும் வரும். சில இடத்துல எனக்கே சந்தேகம்தான்."

"அங்கதான் சிக்கல். நிரப்பினது நீங்க. அவங்களுக்குள்ள என்ன அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விதான் அக்காவுக்கு வழியைக் காட்டியது. தெரிந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். "அவங்களையே நிரப்பச் சொல்லுங்க சார். பெட்டியைக் காலியா வச்சு, ஆளுக்கொரு தாள், தனித்தனி அறை. வரியை நீங்களே எடுங்க. ரெண்டு தாளும் ஒத்துப்போச்சுன்னா, அர்த்தம் அவங்களுக்குள்ள இருந்ததுன்னு ஆகுது. நான் எழுதினதை நீங்க பாக்கவே வேண்டாம்."

அதிகாரி கட்டிலின் எந்தப் பக்கம் யார் படுப்பது, பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். இது அவருக்குப் புதுசாக இருந்தது. தொகுப்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு இடத்தில் விரலை வைத்தார். ஜெராக்ஸ் எடுத்து, பெட்டிக்குள் இருந்ததை எல்லாம் வெள்ளை மையால் அழித்தார். ஒரு வரியைப் பார்த்ததும் அக்காவுக்குத் திக்கென்றது. அது எழுபத்து மூன்றாம் பக்கம், அவர் தயங்கித் தயங்கி நிரப்பிய வரி.

கணவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். மனைவி இங்கேயே எழுதினாள். அவள் எழுதும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவர் காரைப் பின்னால் எடுப்பதும் முன்னால் எடுப்பதுமாக இருந்தார். தாள் ஒத்துப்போகாவிட்டால் பழி தன் யோசனைக்குத்தான் என்று அக்காவுக்கு உறைத்தது. இப்படி மூக்கை நுழைக்காமல் முத்திரையைக் குத்திவிட்டு வீட்டிலிருந்தால் என்ன என்றும் ஒரு கணம் தோன்றியது.

இரண்டு தாளும் வந்தன. அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் வரி சரி. இரண்டாவது சரி. 'தாவ் ல மா' என்ற கேள்வியில் இருவரும் 'நீ' போட்டு, 'வந்து சேர்ந்துட்டியா' என்று ஆக்கியிருந்தார்கள். அதற்கு வந்த பதிலில் ஆள் மாறியது, இரண்டு தாளிலும் மாறியது. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதில் அதிகாரி நிறுத்தினார்.

"அம்மா, இந்த 'ஷ பு த'. இதுக்கு நீங்க என்ன போட்டிருந்தீங்க?"

அக்காவுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அது பிரியவோ விட்டுவிடவோ மனமில்லை என்ற சொல். கணவர் ஒரு மாத வேலையாக வெளியூர் போவதற்கு முதல் நாள் அவள் அனுப்பியது. படித்தபோது அக்காவுக்கே கண் கலங்கியது. "'உன்னைப் பிரிய எனக்கு மனசில்ல'. 'எனக்கு' ஒரு பெட்டி, 'உன்னை' ஒரு பெட்டி."

"இங்க ரெண்டு பேருமே குடைன்னு எழுதியிருக்காங்க."

"குடையா?"

"அந்தப் பழைய குடை, அக்கா" என்றாள் அவள். சங்கடத்தில் முகம் சிவந்திருந்தது. "கம்பி உடைஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுடவான்னு குப்பைத் தொட்டி பக்கத்துல வச்சுப் போட்டோ எடுத்து அனுப்பினார். எனக்கு மனசு வரல. அதான். போட்டோவெல்லாம் வேண்டாம், எழுத்து மட்டும் குடுங்கன்னு இவங்க சொன்னதால அதைக் குடுக்கல."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. முப்பது வருஷ அனுபவம், கண்ணீர் வேறு விட்டாயிற்று, கடைசியில் ஒரு உடைந்த குடைக்கு. பெட்டி போட்டதால்தான் அந்தக் குற்றம் வெளியே தெரிந்தது என்பதுகூட அப்போது ஆறுதலாக இல்லை. "அது என் தப்பு சார். நான்தான் அவரை நினைச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

அதிகாரி அவரை விநோதமாகப் பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது. "அம்மா, நீங்க சரியாப் போட்டிருந்தா நான் இதைப் பெருசா எடுத்திருக்க மாட்டேன். உங்க தாளைப் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்கன்னுதான் நினைச்சிருப்பேன். உங்களுக்கே தெரியாதது இவங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தனித்தனி அறையில உக்காந்து ரெண்டு பேரும் குடைன்னு எழுதறாங்க. இதை யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது."

அவருடைய பேனா வேகமாக ஓடியது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாம் ஒன்று. பன்னிரண்டில் மறுபடி நின்றது. கணவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

எழுபத்து மூன்றாம் பக்கத்து வரி அதுதான். 'சக்கி நி சுகி நி நத்தா யோ நே.' முதலில் பிடித்துப்போனது, அப்படித்தானே? எழுதியவர் அவர். 'யோ நே' என்பது ஒப்புதல் கேட்கும் இழுப்பு. அது தன்னைப் பற்றியும் கேட்கும், எதிராளியைப் பற்றியும் கேட்கும். பிடித்துப்போனது யாருக்கு என்று அந்த வரியில் எந்த முடிவும் சொல்லவில்லை. அவள் அனுப்பிய பதில் 'துய் யா'. ஆமாம், சரிதான். அதிலும் ஆளில்லை. அக்கா மூன்று நாள் யோசித்துவிட்டு, எழுதியவரையே பெட்டியில் உட்கார வைத்திருந்தார்.

"இதுல மட்டும் வித்தியாசம்" என்றார் அதிகாரி. "ரெண்டு பேரும் 'எனக்கு'ன்னு போட்டிருக்கீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எனக்குத்தான்" என்றார் அவர். "எனக்குத்தான் முதல்ல பிடிச்சுதுன்னு சொன்னேன். நீ ஆமான்னியே."

"நான் ஆமான்னது எனக்கு. எனக்கு முதல்ல பிடிச்சுதுன்னு நீ கண்டுபிடிச்சுட்டேன்னு நினைச்சு, வெட்கத்தை விட்டு ஆமான்னேன்."

"இத்தனை வருஷமா நீ ஒத்துக்கிட்டேன்னு நினைச்சிட்டிருக்கேன்."

"நானும்தான்."

"எப்பப் பிடிச்சுது உனக்கு?"

"எங்க லேபுக்கு மேல இருக்கிற பியானோ ரொம்ப மோசமாக் கத்துதுன்னு சொல்ல வந்தியே. வாசல்ல காலைத் துடைச்சே. அப்ப."

அவருக்கு அது அடுத்த வாரம்தான் நடந்திருந்தது. அவள் ஒரு பல்லை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மேலே வாசித்த சத்தத்துக்குத் தலையசைத்த நாளில். இதை அவர் சொல்லவில்லை. சொன்னால் தோற்றுவிடுவார். ஆனால் காது நுனி வரை சிவந்ததை அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே "நான்தான்" என்றாள்.

"இல்ல, நான்தான்" என்றார் அவர், இப்போது ஜப்பானிய மொழியில். 'நான்' என்ற சொல்லையும் முழுசாகப் போட்டு, அழுத்தி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் தென்படாத அந்தச் சொல் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வந்தது. அக்காவுக்கு மறுபடி கண் கலங்கியது. இந்த முறை குடைக்கு இல்லை, சரியான ஆட்களுக்குத்தான்.

அதிகாரி கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி, அனுமதி என்ற கட்டத்தில் டிக் போட்டார். அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போலிக் கல்யாணம் பண்ணினவங்க இந்தச் சண்டை போட மாட்டாங்க" என்றார் அவர். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "திருத்தின பக்கங்களை இப்பவே போட்டுக் குடுத்துட்டா கோப்பை மூடிடுவேன். குடையை மாத்திடுங்க. இந்த எழுபத்து மூணுல யாரைப் போடப் போறீங்க? 'ஐ'யா, 'யூ'வா? இங்கிலீஷ்ல ஒருத்தரைப் போட்டே ஆகணுமே."

"ஆகணும் சார்" என்றார் அக்கா. அங்கிருந்த கணினியில் உட்கார்ந்தார். குடையைப் பெட்டிக்குள் போட்டார். எழுபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்து, அந்த 'ஐ'யை அழித்தார். வேறு எதையும் அடிக்கவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே வெறும் இடம். முப்பது வருஷத்தில் அவர் காலியாக விட்ட முதல் பெட்டி அது. பிறகு பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்து, அச்செடுத்து, முத்திரை குத்தி நீட்டினார்.

அதிகாரி குறிப்பைச் சத்தமாகப் படித்தார். 'இந்த இடம் தன்னுடையது என்று மனுதாரர்கள் இருவரும் கோருகிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தலையிட உரிமையில்லை.'

படித்துவிட்டுக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். குறிப்புக்குக் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார்.